மூன்றாவது கிலோவாட்டுக்கு ஏழு ஆண்டுகள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 300 யூனிட் ஓடுகிறது. மாடியில் சோலார் போட்டால் முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும்?

நீங்கள் தமிழ்நாட்டில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள், யாரோ ஒரு விற்பனையாளர் ஏற்கெனவே உங்களிடம் ஒரு தாளை நீட்டிவிட்டார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் 2024 ஏப்ரலில் அப்படித்தான் நீட்டினார்கள்.

அந்தத் தாளில் இருந்தது இது. 3 கிலோவாட், நாளுக்கு 15 யூனிட், இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 8,100 ரூபாய் மிச்சம். மானியம் போக என் கைக்காசு 1,12,000 ரூபாய். இரண்டே கால் ஆண்டில் எல்லாம் திரும்பிவிடுமாம். என் மனைவிதான் பழைய பில்லை எடுத்துவந்து தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். பில் 4,550 ரூபாய். நாங்கள் கட்டுவதே அவ்வளவுதான் என்றால் 8,100 ரூபாய் எப்படி மிச்சமாகும்? வந்தவரிடம் பதில் இல்லை.

அன்றிரவு அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். அப்போதைய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 400 வரை 4.50 ரூபாய், பிறகு 6, 8 என்று ஏறி, 600-ஐத் தாண்டினால் 800 வரை 9 ரூபாய். மொத்த உபயோகம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலை, 2.25 ரூபாய். சோலார் தரும் யூனிட் இந்த ஏணியின் உச்சியிலிருந்துதான் கழியும். அதனால் முதலில் கழிகிற யூனிட் 9 ரூபாய் பெறும்; கடைசியில் கழிகிற யூனிட் எதுவும் பெறாது.

எங்கள் பக்கம் ஆண்டுச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று வைப்பதே நியாயம். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. எங்கள் 800 யூனிட் 320 ஆகிவிடும்; பில் 765 ரூபாய். மிச்சம் 3,785, ஆண்டுக்கு 22,710. எனக்குச் சொன்ன விலை 1,40,000, மத்திய அரசின் மானியம் 60,000, கைக்காசு 80,000. மூன்றரை ஆண்டு.

மூன்றாவது கிலோவாட்டைச் சேர்த்தால்? அதற்கு மானியம் 18,000 மட்டுமே, ஆகவே கூடுதல் செலவு 32,000. அது மிச்சப்படுத்துவதோ மீதியிருக்கும் 765 ரூபாயை மட்டும். ஆண்டுக்கு 4,590. அந்த ஒரு கிலோவாட்டுக்கு மட்டும் ஏழு ஆண்டு! விற்பவர்கள் இதைப் பிரித்துக் காட்டுவதே இல்லை. நான் 2 கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

‘மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் என்ன செய்வாய்?’ என்று கேட்பீர்கள். வாங்கும்போது கணக்கை மறுபடி போட வேண்டியதுதான். ‘2024 ஜூலையில் கட்டணம் ஏறிவிட்டதே’ என்பீர்கள். உண்மை, அதனால் காலம் கொஞ்சம் குறையும். மின்வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்காகச் சோலார் வீடுகளுக்கு விதிக்கும் நெட்வொர்க் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவில்லை. நடப்பு விகிதத்தைக் கேட்டு மிச்சத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத இரண்டு இழப்புகளை நான் அனுபவித்தேன். சோலார் பலகை பொருத்தியவர்கள், உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே ‘சும்மா ஓடட்டும்’ என்று சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார்கள். வெளியே போகும் மின்சாரத்தையும் உபயோகமாகவே எண்ணும் பழைய மீட்டர்கள் உண்டு, எங்களுடையது அப்படிப்பட்டது. அந்தத் தடவை பில் குறைவதற்குப் பதில் ஏறியது. புது மீட்டர் மாட்டும்வரை சோலார் இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள்.

இன்னொன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஒரு வார்த்தை சொல்லாமல் தொட்டியை நான்கடி உயர்த்திக் கட்டினார்கள். மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் ஓரத்துப் பலகையில் விழுகிறது. வரிசையாக இணைத்த பலகைகளில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கலாம். இருபது ஆண்டுப் பழக்கம், கேட்டால் ‘உங்கள் வெயிலா?’ என்கிறார்கள். மனிதர்கள் இப்படி மாறிப்போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி உங்கள் 300 யூனிட். அதே ஏப்ரல் கட்டணத்தில் பில் 675 ரூபாய். 1 கிலோவாட் 240 யூனிட் தரும். மீதி 60 இலவசத்துக்குள் அடங்கிவிடும். பில்லே இருக்காது, ஆனாலும் ஆண்டுக்கு மிச்சம் 4,050-தான். 75,000 ரூபாயில் மானியம் 30,000 போனால் கைக்காசு 45,000. பதினோரு ஆண்டு. அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற நேர்ந்தால் இன்னும் நீளும். உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போது போடமாட்டேன். ஏசி வாங்கி உபயோகம் 500-ஐத் தாண்டும் நாளில் பழைய பில்கள் ஆறையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.