கடையில் காசு வாங்கவில்லை, பில்லில் வாங்கிவிட்டார்கள்

போஸ்ட்பெய்டு பில்லிங் பிரிவில் பல வருடம் இருந்தவன். கேளுங்கள்.

சிம் தொலைந்து புதுசு வாங்கினேன். கடையில் ஒரு பைசா கேட்கவில்லை. பில்லில் 59 ரூபாய் கூடுதல். ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. போஸ்ட்பெய்டில் கடைக்காரர் காசு வாங்காமல் உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார். உங்கள் பில் தேதி 5 என்று வையுங்கள். 12ஆம் தேதி சிம் மாற்றினால் அது அடுத்த மாதம் 5ஆம் தேதி பில்லில்தான் தெரியும். அதற்குள் நமக்கு மறந்துவிடும்! 50 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 9 ரூபாய், ஆக 59. பில்லின் முதல் பக்கத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே One Time Charges போன்ற தலைப்பில் தேதியோடு இருக்கும். அந்தத் தேதியில் சிம் மாற்றியிருந்தால் சரி. இரண்டு முறை ஏறியிருந்தால் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிம் தானாகவே செத்தது. அதற்கும் நானா கட்டணும்?

கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் விட்டுவிடுவார்கள்.

நம்பரை மாத்தாம வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணி வந்துட்டேன், பாக்கி எல்லாம் கட்டித்தான் வந்தேன். பழைய கம்பெனி "போர்ட்டிங் கட்டணம்" போட்டு கடைசி பில் அனுப்பியிருக்கு.

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. போர்ட்டிங்குக்குக் கட்டணம் கேட்கும் உரிமை நீங்கள் போய்ச்சேரும் கம்பெனிக்குத்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்பு 6.46 ரூபாய். பல கம்பெனிகள் அதையும் கேட்பதில்லை. ஆகவே அந்த வரியை மறுத்து எழுதுங்கள்.

ஆனால் பில்லையே கிழித்துப் போடாதீர்கள். நீங்கள் கட்டியது அதுவரை வந்த பில்லுக்கு. 5ஆம் தேதியிலிருந்து, எண் புதிய கம்பெனிக்குப் போன 18ஆம் தேதி வரை என்று வையுங்கள், பேசியது பின்னால்தான் வரும். அதைக் கட்டாவிட்டால் பழைய கம்பெனி கேட்டு, புதிய கம்பெனியில் எண்ணையே நிறுத்தலாம்.

அண்ணா சொல்றது தப்பு. சிம் மாத்தின அன்னைக்கே PORT எஸ்எம்எஸ் அனுப்பிடலாம், கட்டணமே வராது. நான் பண்ணினேன்.

எப்போது செய்தீர்கள் தம்பி? 2024 ஜூலை 1 முதல், தொலைந்த அல்லது பழுதான சிம்மை மாற்றினால் ஏழு நாளுக்கு, போர்ட் செய்யத் தேவையான யுபிசி குறியீடு கிடைக்காது. மோசடிக்காரன் உங்கள் எண்ணுக்கு சிம் எடுத்து உடனே போர்ட் செய்வதைத் தடுக்கத்தான்.

நான் 4ஜி சிம்முக்கு மாத்தினேன், அன்னைக்கே வந்துச்சே!

அந்த மாற்றத்துக்கு விலக்கு உண்டு. அதனால் பாதி சரி. ஆனால் கணக்கில் ஏறிய சிம் கட்டணம் போர்ட் செய்தாலும் போகாது, கடைசி பில்லில் வரும்.

சிம் மாத்தினதிலிருந்து ஓடிபி வரலை, அதுக்கும் காசு பிடிப்பாங்களா?

மாட்டார்கள். 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பார்கள்.

போர்ட் கட்டணம் எவ்வளவு சார்?

மேலே பாருங்கள்.

எனக்கும் பில்லில் 59 ரூபாய்...

உள் பக்கத்தில் தேதி என்ன? அதைச் சொல்லாமல் வராதீர்கள்.