பாட்டு கேட்டுட்டே படிக்கிற ஆய்வுல எது எந்த வேரியபிள்?

அக்கா வணக்கம், நான் பி.எட். முதல் வருஷம். டிகிரில தமிழ் இலக்கியம், அதனால ஆராய்ச்சி பத்தி படிக்கிறது இதுதான் முதல் தடவை. இன்டர்னல்ல "பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மனப்பாடம் பாதிக்கப்படுமா"ன்னு ஒரு ஆய்வு குடுத்து வேரியபிள்ஸ் எழுதச் சொன்னாங்க. நான் இண்டிபெண்டண்ட்: பாட்டு, அமைதி (ரெண்டு), டிபெண்டண்ட்: மாணவர்கள், கன்ட்ரோல்: பாட்டு கேக்காத குரூப்னு எழுதினேன். மூணையும் சுழிச்சிட்டாங்க. டெஃபனிஷன் கேட்டா கடகடன்னு சொல்லிடுவேன், உதாரணம் வந்தாதான் குழம்புது. அடுத்த டெஸ்ட்ல "காபி குடிச்சா தூக்கம் கெடுமா"ங்கிற மாதிரி வரும்ங்கிறாங்க. எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?

– ஒரு பி.எட். மாணவி

வணக்கம்மா,

டெஃபனிஷன கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. அந்த ஆய்வ நாளைக்கு நீங்களே உங்க கிளாஸ்ல நடத்துறீங்கன்னு வச்சுக்கங்க. 30 பேர், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், 20 வார்த்தை அச்சடிச்ச தாள். சீட்டு குலுக்கிப் போட்டு 15 பேர ஒரு ரூமுக்கு அனுப்புறீங்க, அங்க பாட்டு ஓடுது, மீதி 15 பேர் பக்கத்து ரூம்ல சத்தமில்லாம உக்காந்திருக்காங்க. மூணு நிமிஷம் வார்த்தைகள பாக்கலாம், அப்புறம் தாள வாங்கிட்டு வெள்ளைப் பேப்பர் குடுத்து ஞாபகம் இருக்கிறத எழுதச் சொல்றீங்க. அவ்ளோதான் ஆய்வு.

இதுல நீங்க வேணும்னே கை வச்சு மாத்தினது எது? பின்னணில சத்தம் என்னங்கிறது, அது மட்டும்தான். அதுதான் இண்டிபெண்டண்ட். பாட்டு ஒண்ணு அமைதி ஒண்ணுன்னு ரெண்டா எண்ணக்கூடாது, ஃபேன் ரெகுலேட்டர் ஒண்ணுதான், அதுல 1, 2, 3னு நம்பர் இருக்கிற மாதிரி. ரெகுலேட்டர்தான் வேரியபிள், நம்பர் எல்லாம் அதோட லெவல். 1989ல சலாமே, பேட்லின்னு ரெண்டு உளவியல்காரங்க கிட்டத்தட்ட இதே கேள்விய சோதிச்சாங்க, ஆளுங்களுக்கு எண்கள காட்டி வரிசை மாறாம திருப்பி எழுதச் சொன்னாங்க, பின்னணில அமைதி, வெறும் வாத்திய இசை, ஆள் பாடுற பாட்டு. இதுல வாத்திய இசை ஓடினப்ப பண்ணத விட பாடுற குரல் ஓடினப்பதான் அதிகமா தப்பு பண்ணாங்க. மூணு விதமா ஓட்டியிருந்தாலும் இண்டிபெண்டண்ட் அங்கயும் ஒண்ணேதான், லெவல் மட்டும் மூணு. அந்த ரிசல்ட்ட பாத்தா இன்னொண்ணும் புரியும், "பாட்டு"ன்னு மொட்டையா எழுதுறது பத்தாது, வரியோட பாட்டா வீணையான்னு சொல்லணும், ஏன்னா ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யல.

அடுத்தது டிபெண்டண்ட். மாணவர்கள் வேரியபிளே கிடையாது, அவங்க ஆய்வுல கலந்துக்கிட்டவங்க. பேப்பர் எல்லாம் கைக்கு வந்ததும் உங்க நோட்டுல பேருக்கு நேரா என்ன எழுதுவீங்க? 14, 11, 17னு எழுதுவீங்கல்ல, அந்த எண் எதைக் குறிக்குதோ அதுதான் டிபெண்டண்ட், அதாவது சரியா ஞாபகம் வச்சிருந்த வார்த்தைகளோட எண்ணிக்கை. "மனப்பாடம்"னு மட்டும் எழுதினா சில பேர் மார்க் போடுவாங்க, நான் போடமாட்டேன். உடனே கேட்டீங்களா அடுத்த நாள் கேட்டீங்களா, வரிசையா எழுதணுமா எப்படி வேணா எழுதலாமா, இது மாறினா நோட்டுல விழுற எண்ணும் மாறும். அதனால எப்படி அளந்தாங்கங்கிறதையும் சேத்து எழுதிப் பழகுங்க.

இப்ப கன்ட்ரோல். உங்க கிளாஸ்ல பாதிப் பேராவது இங்கதான் விழுந்திருப்பாங்க, ரெண்டுலயும் கன்ட்ரோல்னு வருதுல்ல. பாட்டு கேக்காத அந்த 15 பேர் கன்ட்ரோல் குரூப், அவங்க இண்டிபெண்டண்டோட "அமைதி"ங்கிற லெவல்ல உக்காந்திருக்கவங்க. கன்ட்ரோல் வேரியபிள்ங்கிறது ரெண்டு ரூமுக்கும் நீங்க மாறாம பாத்துக்கிற விஷயம்.

அதை கண்டுபிடிக்க ஒரு வில்லங்கமான ஆளா மாறுங்க. ரிசல்ட் வந்தாச்சு, அமைதி ரூம் சராசரி 15, பாட்டு ரூம் 11னு (உதாரணத்துக்குச் சொல்றேன்) வைங்க. "இது பாட்டால இல்லங்க"ன்னு சண்டைக்கு வர்ற ஒருத்தர் என்னென்ன சொல்லுவார்? "அமைதி ரூமுக்கு மேசை, கரண்டி, குடைன்னு கண்ணால பாக்கக்கூடிய பொருளா குடுத்தீங்க, பாட்டு ரூமுக்கு நேர்மை, விடுதலை, சலிப்புன்னு குடுத்தீங்க"ம்பார். நியாயம்தான், மனசுல படமா ஓடுற வார்த்தை சுலபமா நிக்கும்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம். அப்ப வார்த்தைப் பட்டியல் ஒரு கன்ட்ரோல் வேரியபிள். "ஒரு ரூம காலைல வச்சீங்க, இன்னொண்ண சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சீங்க"ம்பார், அப்ப நேரமும் கன்ட்ரோல். மூணு நிமிஷங்கிறது, வெளிச்சம், பாட்டு ரூமுக்குள்ள எல்லாருக்கும் ஒரே பாட்டு ஒரே வால்யூம், எல்லாம் இப்படித்தான் வரும். ஆனா சட்டை கலர் வராது, அதனால ஒருத்தர் ரெண்டு வார்த்தை அதிகமா எழுதிட்டார்னு அந்த வில்லங்க ஆளே சொல்லமாட்டார். டிபெண்டண்ட அசைக்கக்கூடியத மட்டும் எழுதுங்க, பேப்பர நிரப்பணும்னு கண்டதையும் எழுதினா திருத்துறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

"ஞாபகசக்தி ஆளுக்கு ஆள் வேறயாச்சே, அத எப்படி மாறாம வைக்கிறது"ன்னு கேப்பீங்க. முடியாது. அதுக்குத்தான் சீட்டு குலுக்கினது, கெட்டிக்காரங்க ரெண்டு ரூம்லயும் ஏறக்குறைய சமமா விழட்டும்னு, ஆனா 15 பேர் மாதிரி சின்ன குரூப்ல அதுக்கும் உறுதி இல்ல. அதுக்குப் பதிலா அதே 30 பேரையும் பாட்டோட ஒரு தடவ, அமைதியா ஒரு தடவ உக்கார வச்சா ஆள் வித்தியாசங்கிற தொல்லை போயிடும், ஆனா ரெண்டாவது தடவ அதே பட்டியல குடுக்க முடியாது (முன்னாடியே படிச்சிட்டாங்களே), ஒரே கஷ்டத்துல வேற பட்டியல் வேணும், பாதிப் பேருக்கு பாட்டு முதல்ல, பாதிப் பேருக்கு அமைதி முதல்லன்னு மாத்தி வைக்கணும், இல்லன்னா ரெண்டாவது சுத்துல பழக்கத்தாலயோ களைப்பாலயோ வந்த வித்தியாசத்த பாட்டு மேல போட்டுடுவோம்.

சரி, காபிக்கு வருவோம். கை வச்சு மாத்துறது கப்புல எவ்ளோ காஃபீன்ங்கிறது: ஒரு நாள் சாதா காபி, இன்னொரு நாள் காஃபீன் எடுத்த காபி, எது எந்த நாள்னு குடிக்கிறவங்களுக்கு சொல்லக்கூடாது. அமைதி ரூம் மாதிரி இங்க டம்ளர்ல தண்ணி குடுத்தா, சூடா இனிப்பா எதையோ குடிச்சதுக்கும் காஃபீனுக்கும் வித்தியாசம் பிரிக்க முடியாது. டிபெண்டண்ட் "தூக்கம்"னு எழுதாதீங்க, படுத்ததுல இருந்து தூங்க எத்தன நிமிஷம் ஆச்சு, இல்லன்னா ராத்திரி மொத்தம் எத்தன மணி நேரம் தூங்கினாங்கன்னு எழுதுங்க. கன்ட்ரோல்ல பால், சர்க்கரை, படுக்குற நேரம், பகல்ல தூங்கக்கூடாதுங்கிறது எல்லாம் வரும், முக்கியமா குடிக்கிற நேரம். உடம்புக்குள்ள போன காஃபீன் பாதியா குறையவே பெரியவங்களுக்கு சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும், அதனால ஒருத்தர் மத்தியானம் மூணு மணிக்கும் இன்னொருத்தர் ராத்திரி ஒன்பதுக்கும் குடிச்சிருந்தா கப்புல என்ன இருந்துச்சுன்னு பேசுறதுல அர்த்தமே இல்ல.

கேள்விய கொஞ்சம் திருப்பி "எந்த நேரத்துல காபி குடிச்சா தூக்கம் அதிகமா கெடும்"னு கேட்டாங்கன்னு வைங்க. இப்ப எல்லாருக்கும் ஒரே அளவு காபி, நேரத்த மட்டும் நீங்க மாத்துறீங்க. போன கேள்வில கன்ட்ரோலா இருந்த நேரம் இங்க இண்டிபெண்டண்ட், இண்டிபெண்டண்டா இருந்த காஃபீன் அளவு இங்க கன்ட்ரோல். அதனால காபின்னு பாத்ததும் கை எழுதப் போயிடக்கூடாது, கேள்விய முழுசா படிச்சிட்டு எழுதுங்க.