44 நிமிட டைம்லைன் ஏன் 44 நிமிடம் ஓடுவதில்லை? டிராப் ஃபிரேம் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்க சேனல் ஒன்றுக்கு 44 நிமிட நிகழ்ச்சி எடிட் செய்தேன். டைம்லைன் 29.97. நீளம் சரியாக 00:44:00:00. ஆனால் இரண்டு நொடிக்கு மேல் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எது சரி?

அவர்கள் சொல்வதே சரி. உங்கள் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன்னால் முக்காற்புள்ளி இருக்கிறது, அதாவது அது எந்த எண்ணையும் தாண்டாமல் எண்ணும் நான்-டிராப் டைம்கோட். கடிகாரத்தோடு ஒத்துப்போகச் சில எண்களைத் தாண்டிப் போகும் டிராப் ஃபிரேமாக இருந்தால் பெரும்பாலான மென்பொருள்கள் அந்த இடத்தில் அரைப்புள்ளி காட்டும்.

டைம்கோட் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, ஃபிரேம்களை எண்ணுகிறது. 30 ஃபிரேம் எண்ணியதும் ஒரு நொடி ஆனதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. படமோ நொடிக்கு 30 ஃபிரேமைவிடச் சற்று மெதுவாக, 30000/1001 என்ற வேகத்தில் ஓடுகிறது. 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரத்தை வகுத்தபோது, வண்ணத்துக்கான துணை அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதிப் படத்தில் புள்ளிக் கோலம் தெரியாமலிருக்க, ஃபிரேம் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அந்தக் குறைப்புதான் இன்றும் 29.97 ஆக நம் டைம்லைனில் இருக்கிறது.

உங்கள் நிகழ்ச்சியில் 44 × 60 × 30 = 79,200 ஃபிரேம்கள் இருக்கின்றன. அவை ஓடி முடிய 2642.64 நொடி ஆகும். அதாவது 44 நிமிடம் 2.64 நொடி.

சீக்வென்ஸ் அமைப்பில் டைம்கோட் காட்டும் முறையை டிராப் ஃபிரேமுக்கு மாற்றிப் பாருங்கள். பிரீமியரில் இது Display Format என்ற இடத்தில் இருக்கும். ஒரு ஃபிரேம்கூட நகராது, நீளம் மட்டும் 00:44:02;20 என்று மாறும். இனி வெட்ட வேண்டியதுதான். இங்கே பலர் தடுமாறுவார்கள்: 00:44:00;00 என்ற எண்ணே டிராப் ஃபிரேமில் கிடையாது. 00:43:59;29-க்கு அடுத்தது 00:44:00;02. கடிகாரத்தின் 44 நிமிடத்துக்கு மிக அருகில் வருவது 79,121 ஃபிரேம்கள். எனவே 79 ஃபிரேம் வெட்டுங்கள், நீளம் 00:43:59;29 என்று காட்டும். ஒரு ஃபிரேம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், 44 நிமிடம் என்பது அதுதான்.

கேள்வி: டிராப் ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு இரண்டு ஃபிரேம் போய்விடுமா? உதட்டசைவு பிசகாதா?

ஒரு படமும் போகாது. தெருவில் 12-ஆம் கதவு எண்ணுக்கு அடுத்து 14 என்று போட்டால் எந்த வீடும் இடிபடுவதில்லை. அதுபோல ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் ;00, ;01 என்ற இரண்டு எண்களை மட்டும் தாண்டிப் போகிறார்கள். 00, 10, 20, 30, 40, 50 ஆகிய நிமிடங்களில் தாண்டுவதில்லை.

இந்த விலக்கு எதற்கு? பத்து நிமிடத்துக்கு 18,000 எண்கள் இருக்கின்றன, உண்மையில் ஓடுவது ஏறக்குறைய 17,982 ஃபிரேம்கள். மிஞ்சும் எண்கள் 18. ஒன்பது நிமிடங்களில் இரண்டிரண்டாக விட்டால் 18 சரியாகத் தீர்ந்துவிடும், பத்தாவதில் விட வேண்டியதில்லை. மணிக்கு 108 எண்கள் இப்படி விடுபடுகின்றன. அதன் பிறகும் ஒரு துளிப் பிழை மிஞ்சும்: ஒரு நாளுக்கு ஏறக்குறைய 86 மில்லிநொடி, அதாவது இரண்டரை ஃபிரேம் அளவு. 24 மணி நேரமும் நிற்காமல் ஓடும் இடத்தில் மட்டும்தான் அதைக் கவனித்துத் திருத்த வேண்டும்.

ஆகவே உதட்டசைவு பிசகினால் டிராப் ஃபிரேமைக் குறை சொல்லாதீர்கள். படம் 29.97-லும் ஒலி சரியாக 30-க்கென்று கணக்கிட்ட வேகத்திலும் ஓடுகிறதா என்று பாருங்கள். அது எண்ணின் சிக்கல் அல்ல, வேகத்தின் சிக்கல்.

கேள்வி: காலை 10 மணிக்கு கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரே டைம்கோடுக்கு ஜாம் செய்துவிட்டு நாள் முழுவதும் படமெடுத்தோம். மாலையில் இரண்டின் டைம்கோடும் இருபது நொடிக்கு மேல் விலகியிருக்கின்றன. கருவி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பில்லை. கருவிக்குள் இருக்கும் கிரிஸ்டல் பிசகினால் விலகல் சில ஃபிரேம்களில்தான் இருக்கும், அதுவும் மெல்ல மெல்ல வரும். உங்களுடையதில் ஒரு நிமிடம் மாறும் இடத்தைப் பாருங்கள். விலகல் சட்டென்று இரண்டு ஃபிரேம் கூடி, பத்தாவது நிமிடத்தில் மட்டும் கூடாமல் இருந்தால், ஒன்று டிராப், மற்றொன்று நான்-டிராப். முதல் மணி முடிவில் டிராப் கருவி 11:00:00;00 என்று காட்டும்போது நான்-டிராப் கருவி 10:59:56:12 என்று காட்டும். ஆறு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் 21 நொடி 18 ஃபிரேம்.

எடுத்துவிட்டதைச் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வோர் அளவு விலகியிருக்கும், ஆனால் ஒரே கிளிப்புக்குள் தொடக்கத்தைப் பொருத்திவிட்டால் கடைசிவரை பொருந்தும். கணக்கை நள்ளிரவிலிருந்து தொடங்காதீர்கள், ஜாம் செய்த நேரத்திலிருந்து தொடங்குங்கள். கேமரா நான்-டிராப், ஒலிக் கருவி டிராப் என்று வைத்துக்கொண்டால், கேமராவில் 13:00:00:00 என்று தொடங்கும் கிளிப், ஜாமிலிருந்து 3,24,000-ஆவது ஃபிரேம். டிராப் கணக்கில் மூன்று மணிக்கு 3,23,676 ஃபிரேம், மீதி 324. அதாவது 10 நொடி 24 ஃபிரேம். ஒலியில் நீங்கள் தேட வேண்டிய இடம் 13:00:10;24. அதே எண்ணை இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டால் 13:00:46;24 என்று வரும். அது பூஜ்யம் மணியிலிருந்து எண்ணுவதால், யாரும் படமெடுக்காத பத்து மணி நேரத்துக்கும் சேர்த்து 36 நொடி கூட்டிவிடுகிறது.

அடுத்த முறை, நாளின் நேரத்தையே டைம்கோடாக வைப்பதென்றால் எல்லாக் கருவிகளிலும் 29.97 டிராப் என்று வைத்துவிட்டு ஜாம் செய்யுங்கள்.

கேள்வி: 25-லும் 23.976-லும் டிராப் ஃபிரேம் தேர்வே வருவதில்லையே?

25 முழு எண், எண்ணும் வேகமும் ஓடும் வேகமும் ஒன்று. இந்தியா, இலங்கை ஒளிபரப்புக்கு 25-இல் வேலை செய்து பழகியவர்கள் இந்தச் சிக்கலைச் சந்திக்காததற்கு அதுதான் காரணம். 23.976-இல் விலகல் உண்டு, அதே மணிக்கு 3.6 நொடி. ஆனால் வழக்கத்தில் அதற்கு டிராப் எண்ணும் முறை கிடையாது. நீளத்தை ஃபிரேம் எண்ணிக்கையாக எடுத்து 1001/24000-ஆல் பெருக்கினால் உண்மையான நொடி கிடைக்கும். 59.94-இல் டிராப் உண்டு, நிமிடத்துக்கு நான்கு எண்கள் விடுபடும்.

கேள்வி: வேலை பாதி முடிந்தபின் நான்-டிராப்பிலிருந்து டிராப்புக்கு மாற்றலாமா?

வெட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. மாறுவது எண்கள்தான், அதனால் எண்ணை எழுதிவைத்த இடமெல்லாம் பொய்யாகிவிடும்: இயக்குநரின் குறிப்புத் தாள், வசனப் பட்டியல், இசையமைப்பாளருக்கு அனுப்பிய நேரங்கள். முதலில் டைம்லைனின் தொடக்க எண்ணைப் பாருங்கள். அது 01:00:03;18 என்று மாறியிருந்தால், மென்பொருள் 01:00:00:00-ஐ 1,08,000 ஃபிரேமாக நினைவில் வைத்திருந்து இப்போது டிராப் கணக்கில் காட்டுகிறது. 01:00:00;00 என்று கையால் மாற்றிவிடுங்கள். ஈடிஎல் என்ற வெட்டுப் பட்டியலை அனுப்பியிருந்தால் புதிதாக எடுத்து அனுப்புங்கள், அதன் தலைப்பில் இந்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்:

```
FCM: DROP FRAME
```

வந்த கோப்பு எந்த வகை என்று தெரியாவிட்டால் இது சொல்லிவிடும்:

```
ffprobe -v error -show_entries stream=r_frame_rate:stream_tags=timecode clip.mov
```

வேகம் 30000/1001 என்று வந்து, டைம்கோடில் அரைப்புள்ளி தெரிந்தால் அது டிராப் ஃபிரேம்.