தாதியியல் ஆய்வு முன்மொழிவு: சட்டகம், மாறிகள், கருதுகோள் – கேள்வி பதில்

வெள்ளவத்தை, இறுதியாண்டு மாணவி: அக்கா, என்ர தலைப்பு கிளினிக்குக்கு வாற நீரிழிவு நோயாளிகளின்ர கால் பராமரிப்பு. ஒரெமை எடுக்கிறதா, ஹெல்த் பிலீஃப் மொடலை எடுக்கிறதா?

நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நோயாளியால் தன் காலைத் தானே பார்த்துக்கொள்ள எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு செய்கிறார் என்பதுதான் கேள்வி என்றால் டொரதியா ஒரெமின் தற்பராமரிப்புக் கோட்பாடு சரியாக அமரும். செய்யவேண்டியது தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை என்பது கேள்வி என்றால் ஹெல்த் பிலீஃப் மொடல். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையில் இருந்தவர்கள், காசநோய் எக்ஸ்ரே பரிசோதனைக்குச் சனம் ஏன் வருவதில்லை என்று தேடப்போய் உருவான மொடல் அது. ஆகவே அது அளக்கச் சொல்வது நம்பிக்கைகளை: தனக்கு வருமென்று நினைக்கிறாரா, வந்தால் பாரதூரம் என்று நினைக்கிறாரா, செய்வதில் என்ன நன்மை, என்ன தடை, எது நினைவூட்டுகிறது, தன்னால் முடியுமென்ற நம்பிக்கை எவ்வளவு.

முன்மொழிவில் ஹெல்த் பிலீஃப் மொடலின் படத்தைப் போட்டுவிட்டு, வினாக்கொத்தில் அறிவைச் சோதிக்கும் இருபது கேள்விகளை மட்டும் வைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. படத்தின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதை அளக்கும் கேள்விகளின் இலக்கங்களைப் பென்சிலால் எழுதுங்கள். இலக்கமே விழாத பெட்டி இருந்தால், ஒன்றில் கேள்வி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டகத்தை மாற்ற வேண்டும். அந்த மொடலின் ஆறு அம்சங்களையும் ஒழுங்காக அளப்பதென்றால் வினாக்கொத்து நீண்டுவிடும். விடியவே நம்பர் எடுத்துக் காத்திருக்கும் ஒருவர் கடைசிப் பக்கங்களை யோசித்து நிரப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. இளமாணி மட்டத்தில், இந்தத் தலைப்புக்கு, நான் ஒரெமையே எடுக்கச் சொல்வேன்.

நாவல, பணியிலிருந்தபடி படிக்கும் தாதிய உத்தியோகத்தர்: மிஸ், ஒரெம் எடுத்தாச்சு. புத்தகத்தில் இருக்கிற படத்தை அப்படியே போட்டேன். "இது உங்கள் ஆய்வுடைய படம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன குறை?

புத்தகத்தில் இருப்பது கோட்பாட்டின் படம். அவர்கள் கேட்பது உங்கள் மாறிகள் அந்தக் கோட்பாட்டில் எங்கே அமர்கின்றன என்ற படம். கால் பராமரிப்பு ஆய்வையே வைத்துச் செய்து பார்ப்போம்.

ஒரெம் சொல்லும் தற்பராமரிப்பு ஆற்றல் என்ற பெட்டியில் இரண்டை வையுங்கள்: கால் பராமரிப்பு பற்றிய அறிவு, அதைத் தன்னால் செய்ய முடியுமென்ற நம்பிக்கை. இரண்டாவதை வகுப்பில் செல்ஃப் எஃபிகசி என்பார்கள். அது ஒரெமுடைய சொல் அல்ல, உளவியலாளர் பண்டூராவுடையது. எனவே அதை ஆற்றலின் ஒரு பகுதியாக ஏன் கொள்கிறீர்கள் என்று இரண்டு மூன்று வரியில் நியாயம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் குழு முதலில் அதைத்தான் கேட்கும். தற்பராமரிப்புச் செயல் என்ற பெட்டியில் கால் பராமரிப்பு நடைமுறை. அடிப்படை நிலைக் காரணிகள் என்ற பெட்டியில் வயது, கல்வி, நீரிழிவு வந்து எத்தனை வருடம், வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா, முன்பு காலில் புண் வந்ததா. தாதிய முறைமைகளையும் ஒரெம் பேசுகிறார், ஆனால் நீங்கள் தாதியரின் வேலையை அளக்கவில்லை. அந்தப் பெட்டியைப் புள்ளிக்கோட்டால் வரைந்து, இந்த ஆய்வில் அளக்கப்படவில்லை என்று கீழே ஒரு வரி போடுங்கள். சத்தமில்லாமல் நீக்குவதைவிட அது நேர்மையானது.

தெஹிவளை: சாரா மாறி அறிவு, சார்ந்த மாறி நடைமுறை. வயது, பால், மதம், வருமானம், தொழில் எல்லாமும் சாரா மாறிதானே? எல்லாவற்றிலிருந்தும் அம்பு போட்டேன், மொத்தம் 12 கருதுகோள் வந்தது. கூட இருந்தால் நல்லதுதானே?

முதல் பாதி சரி, இரண்டாவது பாதிதான் சிக்கல். 0.05 என்ற மட்டத்தில், ஒன்றையொன்று சாராத 12 சோதனைகள் செய்தால், உண்மையில் எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது தற்செயலாக "முக்கியமானது" என்று வருவதற்கு ஏறத்தாழ 46 சதவீத வாய்ப்பு உண்டு:

```
1 − 0.95^12 = 0.46
```

பிறகு "மதத்துக்கும் கால் பராமரிப்புக்கும் தொடர்பு உண்டு" என்று ஒரு முடிவு வந்து, அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டிவரும். காரணத்தை முன்கூட்டியே சொல்லக்கூடிய இரண்டு மூன்றுக்கு மட்டும் கருதுகோள் எழுதுங்கள். மீதியை மாதிரியை விவரிக்கும் அட்டவணையில் போட்டால் போதும்.

வருமானத்தைவிட முக்கியமான ஒன்று உங்கள் படத்தில் இல்லை: முன்பு காலில் புண் வந்ததா என்பது. புண் வந்தவருக்கு வார்டிலும் டிரெஸிங் அறையிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆகவே அறிவு கூடியிருக்கும். பயத்தில் காலையும் தினம் பார்ப்பார், ஆகவே நடைமுறையும் கூடியிருக்கும். இதைக் கேட்காமல் விட்டால், அறிவால்தான் நடைமுறை கூடியது என்று தவறாகத் தெரியும். ஒன்றில் புண் வந்தவர்களை ஆய்வில் சேர்க்காமல் விடுங்கள், அல்லது தரவாக எடுத்துப் பகுப்பாய்வில் சரிசெய்யுங்கள். எது என்று முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

மருதானை, கிளினிக் தாதி: "நடைமுறை" என்பதற்குச் செயல்முறை வரைவிலக்கணம் எழுதச் சொன்னார்கள். "நோயாளி தன் காலைப் பராமரிக்கும் விதம்" என்று எழுதினேன், போதாது என்கிறார்கள்.

எந்தக் கருவியால், எந்தக் காலத்துக்கு, என்ன புள்ளியாக அளக்கிறீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். "கடந்த 7 நாட்களில் கால் பராமரிப்புச் செயல்களைச் செய்த நாட்களின் சராசரி, 0 முதல் 7 வரை" என்று எழுதினால் இன்னொருவரும் அதே மாதிரி அளக்கலாம்.

நீரிழிவுத் தற்பராமரிப்பை அளக்க 2000ஆம் ஆண்டில் திருத்தி வெளியான எஸ்.டி.எஸ்.சி.ஏ. என்ற வினாக்கொத்தைப் பலர் எடுக்கிறார்கள். அதில் காலுக்கான பிரதான கேள்விகள் இரண்டு: எத்தனை நாள் காலைப் பார்த்தீர்கள், எத்தனை நாள் சப்பாத்தின் உட்புறத்தைப் பார்த்தீர்கள். கொழும்புக் கிளினிக்கில் இரண்டாவது கேள்வி தடுமாறும். றப்பர் செருப்பு மட்டுமே போடுகிறவர் பூச்சியம் என்பார். அது அலட்சியத்தால் வந்த பூச்சியம் அல்ல, அவரிடம் சப்பாத்தே இல்லை. செருப்பின் அடியில் முள், ஆணி குத்தியிருக்கிறதா, வார் உரசுகிறதா என்று பார்ப்பதாகக் கேள்வியை மாற்றலாம். ஆனால் மாற்றினால் அது புதிய கேள்வி. உரியவர்களின் அனுமதி, துறைசார்ந்தவர்களின் உள்ளடக்கச் சரிபார்ப்பு, சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்த்து மீள ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தல், சிறு முன்சோதனை எல்லாம் தேவை.

மேலதிகக் கேள்விகளைச் சேர்த்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். "எத்தனை நாள் காலைத் தண்ணீரில் ஊறவைத்தீர்கள்" என்று ஒன்று உண்டு. ஊறவைப்பது நீரிழிவுக் காலுக்கு நல்லதல்ல, ஆகவே 7 நாள் என்றவருக்கு 0 விழ வேண்டும். திருப்பிப் போடாமல் கூட்டினால் தவறாகச் செய்பவருக்குக் கூடிய புள்ளி போய், உங்கள் கருதுகோளே தலைகீழாகத் தெரியும்.

வெள்ளவத்தை, அதே மாணவி: கருதுகோளை "செல்ஃப் எஃபிகசி கால் பராமரிப்பில் ஏற்படுத்தும் விளைவு" எண்டு எழுதினன். சரியா?

"விளைவு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் குறுக்குவெட்டு ஆய்வு, எது முதலில் வந்தது என்று சொல்லாது. தினம் காலைப் பார்த்துப் பழகியதாலேயே நம்பிக்கை வந்திருக்கலாம். இப்படி எழுதுங்கள்: "கொழும்பிலுள்ள ஒரு போதனா வைத்தியசாலையின் நீரிழிவு கிளினிக்குக்கு வரும் 2ஆம் வகை நீரிழிவு நோயாளரிடையே, செல்ஃப் எஃபிகசிப் புள்ளிக்கும் கால் பராமரிப்பு நடைமுறைப் புள்ளிக்கும் நேர்த் தொடர்பு உண்டு." யாரிடம், எந்த இரண்டு மாறி, என்ன திசை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. நாட்களின் புள்ளி ஒரு பக்கம் குவிந்திருந்தால் பியர்சன் தொடர்புக் குணகத்துக்குப் பதில் ஸ்பியர்மன் குணகம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

மாதிரி அளவும் இதிலிருந்துதான் வரும். 0.3 அளவுள்ள தொடர்பை 80 சதவீத வலுவுடன், இருபக்கச் சோதனையில் கண்டுபிடிக்க 85 பேர் அளவில் போதும். 10 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று கொண்டால் 95 பேரைச் சேர்க்க வேண்டும். சீனியர்கள் எழுதியதைப் பார்த்து எல்லோரும் 384 என்று போடுகிறார்கள். அது ஒரு விகிதத்தை 5 சதவீதத் துல்லியத்துடன் மதிப்பிடுவதற்கான எண். உங்களுக்கு அந்த நோக்கமும் இருந்தால், இரண்டில் பெரிய எண்ணை எடுங்கள்.

களுபோவில: கையேடு ஒன்று கொடுத்து முன்னும் பின்னும் பார்க்கும் ஆய்வு என்னுடையது. சாரா மாறி அறிவு என்று போட்டிருக்கிறேன்.

இல்லை, இங்கே சாரா மாறி நீங்கள் கொடுக்கும் கற்பித்தல். அறிவு சார்ந்த மாறியாகிவிடும். ஒரே மாறி ஒரு ஆய்வில் இந்தப் பக்கமும் இன்னொரு ஆய்வில் அந்தப் பக்கமும் நிற்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் "கையேட்டால்" என்று உறுதியாகச் சொல்வது கடினம். முதல் வினாக்கொத்தே நோயாளிக்குப் பாடமாகிவிடுகிறது.

பம்பலப்பிட்டி, முதுமாணி மாணவர்: ஐ.சி.யூ. தாதியர் மரணத்தை எதிர்கொள்ளும் அனுபவம் பற்றி நேர்காணல் செய்கிறேன். மூன்று கருதுகோள் கேட்கிறார்கள். எப்படி எழுதுவது?

எழுதக் கூடாது. அனுபவத்தின் பொருளைத் தேடும் பண்புசார் ஆய்வில் சோதிக்க மாறிகளே இல்லை. ஆய்வு வினாக்களை எழுதி, ஏன் கருதுகோள் இல்லை என்று முறையியல் பகுதியில் ஒரு பந்தி போடுங்கள். முன்மொழிவுப் படிவத்தில் "கருதுகோள்" என்ற கட்டம் இருந்தால் "பொருந்தாது" என்று நிரப்பிக் காரணத்தைச் சொல்லுங்கள்.

நாவல, மேலே கேட்டவர்: கருதுகோள் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? அதோடு எங்கள் குழு தாதியியல் கோட்பாட்டாளர் ஒருவர் கட்டாயம் என்கிறது. ஹெல்த் பிலீஃப் மொடல் தாதியியல் இல்லையாம்.

முதலாவது, தொடர்பையோ வேறுபாட்டையோ சோதிக்கும் ஆய்வுக்குப் பொருந்தும். எத்தனை சதவீதம் பேர் காலைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் விவரிக்கும் அளவுசார் ஆய்வுக்குக்கூடக் கருதுகோள் தேவையில்லை.

இரண்டாவதில் உங்கள் குழு சொல்வது உண்மைதான், அது சமூக உளவியலிலிருந்து வந்தது. ஆனால் தாதியியல் ஆய்வுகள் பல காலமாக அதைப் பயன்படுத்தி வருகின்றன. கேள்விக்குப் பொருந்துவதே பெரிது என்பது என் கருத்து. உங்கள் பீடத்தின் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். நோலா பென்டரின் ஆரோக்கிய மேம்பாட்டு மொடலில் உணரப்பட்ட நன்மை, தடை, செல்ஃப் எஃபிகசி மூன்றும் இருக்கின்றன, அவர் தாதியியலாளரும்கூட. ஆனால் நோய்ப் பயத்தை உந்துதலாக வைக்காமல் கட்டிய மொடல் அது. காலை இழந்துவிடுவோம் என்ற பயத்தை அளக்க விரும்பினால் அங்கே இடம் கிடைக்காது.

தெஹிவளை: சூனியக் கருதுகோளையும் எழுத வேண்டுமா? எங்கள் இரண்டு மேற்பார்வையாளர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இதில் வழக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. புள்ளிவிவரச் சோதனை மறுக்கப் பார்ப்பது தொடர்பே இல்லை என்னும் சூனியத்தைத்தான், எழுதாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது. உங்கள் சட்டகம் எதிர்பார்ப்பது ஆய்வுக் கருதுகோள், ஆகவே உடற்பகுதியில் நான் அதையே எழுதுவேன். இரண்டையும் எழுதச் சொன்னால் சோடி சோடியாக எழுதுங்கள். இருவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள். அனுமதி கிடைத்த பிறகு கருதுகோளை மாற்றினால் திருத்த விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.