கடன் தீர்ந்த பின்னும் வங்கியில் இருக்கும் காணி உறுதி

கேள்வி: எனது சீதனக் காணியை ஈடு வைத்து, கணவரும் நானுமாக 2013இல் ஒரு வங்கியில் 25 இலட்சம் ரூபாய் வீட்டுக்கடன் எடுத்தோம். கடைசித் தவணை கட்டி ஐந்து மாதமாகிறது. உறுதியைக் கேட்டால் முதலில் கொழும்பில் இருக்கிறது என்றார்கள். இப்போது, கணவர் தன் தம்பியின் வாகனக் கடனுக்குப் பிணை நின்றிருப்பதால் தரமுடியாது என்கிறார்கள். வருகிற தையில் மகளுக்குச் சீதனம் எழுதவேண்டும். நான் என்ன செய்வது? (வாசகி, கொக்குவில்)

பதில்:

அன்புள்ள சகோதரி, வங்கி இந்தக் காரணத்தை உங்களிடம் வாய்மொழியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று எண்ணுகிறேன். அதை எழுத்தில் பெறுவதே முதல் வேலை. கிளை முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, வீட்டுக்கடன் கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தையும், ஈட்டுறுதியின் எந்த வாசகத்தின்கீழ் உறுதிகள் தடுத்துவைக்கப்பட்டுள்ளன என்பதற்கான பதிலையும் கேளுங்கள். கணக்கு மூடப்பட்டதற்கான கடிதம் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசித் தவணையைக் கட்டிய பின்னரும் சில நாள் வட்டியோ, தீக்காப்புறுதிக் கட்டணமோ மீதியாக நின்று, கணக்கு மூடப்படாமலே கிடப்பதுண்டு.

வங்கி சொல்லும் காரணம் சரியா பிழையா என்பது, 2013இல் நீங்கள் கையொப்பமிட்ட ஈட்டுறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே பொறுத்தது. அதன் பிரதி உங்களிடம் இல்லாவிட்டால் வங்கியின் தயவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நொத்தாரிசு எந்த உறுதியை முடித்தாலும் அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆகவே யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்து, எந்தக் கடனுக்காக ஈடு வைக்கப்பட்டது என்று கூறும் பந்தியை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பந்தி மூன்று விதமாக அமைந்திருக்கலாம். இன்ன இலக்கமுள்ள வீட்டுக்கடனுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததோடு ஈடும் தீர்ந்தது. உங்கள் மைத்துனரின் வாகனத்துக்காக உறுதியைப் பிடித்துவைக்க வங்கிக்கு உரிமையில்லை. கடனாளிகள் இருவரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ, கடனாளியாகவோ பிணையாளியாகவோ, இப்போதும் இனிமேலும் வங்கிக்குக் கொடுக்கவேண்டிய எல்லாப் பணத்துக்கும் என்று எழுதியிருந்தால், வங்கியின் நிலைப்பாட்டுக்கு அடிப்படை இருக்கிறது என்பதை நான் மறைக்கமாட்டேன். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இருவரும் சேர்ந்து பட்ட கடன்களுக்கு மட்டும் ஈடு என்று வாசகம் இருந்தால், உங்கள் கணவர் தனியே நின்ற பிணை அதற்குள் அடங்காது என்று வாதிட நல்ல இடமுண்டு. காணி உங்களுடையது, பிணைப் பத்திரத்தில் உங்கள் கையொப்பம் இல்லை என்பன அந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும்.

இரண்டாவது விதமான வாசகமே இருந்தாலும் வழி அடைபட்டுவிடாது. தம்பியின் கடனில் மீதி எவ்வளவு, தவணைகள் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். மீதி நான்கு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாகனமே அந்தக் கடனுக்குப் பொறுப்பாக நிற்கும்போது, அதற்கு மேலதிகமாக வீடும் வளவும் கட்டுண்டு கிடக்கவேண்டியதில்லை என்று எடுத்துரைத்து, வேறொரு பிணையாளியையோ அந்தத் தொகைக்கு ஒரு நிலையான வைப்பையோ மாற்றாகக் கொடுக்கலாம். ஏற்றுக்கொள்வது வங்கியின் விருப்பம்தான். தையில் காரியம் முடியவேண்டிய உங்களுக்கு, நீதிமன்றத்தை விட இதுவே விரைவான வழி.

இணையத்தில் தமிழில் தேடினால், 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நட்டஈடு என்று வாசிப்பீர்கள். அது இந்திய ரிசர்வ் வங்கி 2023இல் அங்குள்ள வங்கிகளுக்கு இட்ட கட்டளை. இலங்கையிலுள்ள வங்கிகளிடம் அதைக் காட்டிக் கேட்கமுடியாது. அதேபோல, உறுதியை ஒப்படைப்பதனாலேயே ஈடு உண்டாகும் என்ற இந்திய முறையும் இங்கில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி ஈடு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். ஆகவே உறுதி என்ற கடதாசியைக் கையில் வைத்திருப்பதனால் மட்டும் வங்கிக்கு உங்கள் காணியில் ஈட்டுரிமை எழாது.

இதன் மறுபக்கத்தைத்தான் எங்கள் ஆட்கள் கவனிப்பதில்லை. உறுதி கைக்கு வந்துவிட்டது என்பதனால் ஈடு நீங்கிவிடுவதில்லை. காணிப் பதிவேட்டில் உங்கள் காணிக்குரிய பக்கத்தில் ஈடு பதியப்பட்டிருக்கிறது. வங்கியின் அதிகாரம் பெற்றவர்கள் நொத்தாரிசு முன்னிலையில் ஈட்டை விடுவித்து உறுதி எழுதி, அதுவும் அதே பக்கத்தில் பதியப்படும் வரை, பார்ப்பவருக்கு உங்கள் காணி ஈட்டில் உள்ள காணிதான். என்னிடம் வந்த ஒருவர் உறுதியை வாங்கிப் பெட்டியில் வைத்து எட்டு ஆண்டுகளின் பின் காணியை விற்கப் போனபோது, ஈடு அப்படியே பதிவில் நிற்பது தெரியவந்தது. கடன் தந்த கிளை அதற்குள் மூடப்பட்டிருந்தது. பழைய கோப்பைத் தேடி எடுப்பதற்குள் காணியை வாங்க வந்தவர் போய்விட்டார். அவருடைய நிலை உங்களுக்கு வரக்கூடாது. விடுவிப்பு உறுதிக்கான செலவை வழக்கமாகக் கடன் எடுத்தவரே கொடுக்கவேண்டியிருக்கும். அதை மறுத்து நாளைக் கடத்தவேண்டாம்.

பத்திரங்களைப் பொறுப்பெடுக்கும் நாளில், 2013இல் ஒப்படைத்தபோது வங்கி தந்த பட்டியலைக் கொண்டுபோங்கள். உங்கள் சீதன உறுதி மட்டுமல்ல, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவைப் படம், அனுமதி பெற்ற வீட்டு வரைபடம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூல உறுதியில் நொத்தாரிசின் கையொப்பமும் முத்திரையும், காணிப் பதிவகம் இட்ட பதிவுக் குறிப்பும் இருக்கவேண்டும். நிழற்பிரதியை வைத்து மூலம் என்று தந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். குறைவு ஏதுமிருந்தால், பற்றுச்சீட்டில் அதைக் கையால் எழுதிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

"கொழும்பில் இருக்கிறது" என்ற முதற் பதில் உண்மையில் தொலைந்துவிட்டது என்பதாக முடிந்தால், அதை வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டு, பொலிசில் முறைப்பாடு செய்து, அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைத் தன் செலவில் பெற்றுத்தரவேண்டும் என்று கேளுங்கள். 1995 இடப்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்த எத்தனையோ குடும்பங்கள் அத்தகைய பிரதிகளைக் கொண்டுதான் காணிகளைக் கைமாற்றின. ஆனால் தொலைந்த மூலம் பிறர் கையில் சிக்கக்கூடும் என்பதால், உங்களுக்கு அறிவிக்காமல் வேறொரு உறுதி பதியப்படாதிருக்கக் காணிப் பதிவகத்தில் எச்சரிக்கை அறிவித்தலும் பதிந்துவையுங்கள்.

வங்கி பதிலே தராவிட்டால், அல்லது தரும் பதில் ஈட்டுறுதியின் வாசகத்துக்குப் பொருந்தாவிட்டால், பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் கடிதங்களின் பிரதிகளையும் இணைத்து, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் முறையிட்டீர்களா என்பதையே அங்கே முதலில் கேட்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால், உறுதிகளையும் ஈட்டு விடுவிப்பையும் நட்டஈட்டையும் கோரி யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். ஆனால் அது தைக்குள் முடியாது.

மகளுக்கான சீதன உறுதியைப் பற்றியும் கேட்டீர்கள். ஈடு நிற்கும்போதே அதை எழுதமுடியும். ஆனால் காணி அந்த ஈட்டோடுதான் மகளிடம் போகும். எனவே முதலில் விடுவிப்பு உறுதியைப் பதிந்து, பதிவேட்டுப் பக்கத்தின் புதிய பிரதியை எடுத்துப் பார்த்த பின்னரே சீதன உறுதியை எழுதுவியுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வதால், அந்த உறுதியில் உங்கள் கணவரும் கையொப்பமிடவேண்டும்.