18,400 ஃபாலோயர்ஸ் இருக்காங்க, பிராண்டுக்கு எவ்ளோ ரேட் சொல்றது?

கேள்வி: வணக்கம் சார், நான் மதுரை. ஒரு கடையில பார்ட் டைம் அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், ஒன்றரை வருஷமா இன்ஸ்டாகிராம்ல சமையல் ரீல்ஸ் போடுறேன், 18,400 ஃபாலோயர்ஸ். இப்ப ஒரு மசாலா கம்பெனில இருந்து "உங்க மீடியா கிட், ரேட் கார்டு அனுப்புங்க"ன்னு மெசேஜ். காசுக்கு பதிலா ஆறு பாக்கெட் மசாலா தந்தாலும் ஓகேவான்னும் கேட்டாங்க. ஃப்ரெண்டு ஒருத்தி ஆயிரம் ஃபாலோயருக்கு நூறு ரூபான்னு கணக்கு போடச் சொன்னா, அப்ப 1,840 ரூபா வருது. அதையே சொல்லிடவா? கடைசி 12 ரீல்ஸோட வியூஸ், ஒரு ரீலுக்கு ஆகுற நேரம், செலவு எல்லாம் கூடவே அனுப்பியிருக்கேன்.

பதில்: வணக்கம்ங்க. அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்கன்றது உங்க லிஸ்டைப் பாத்ததுமே தெரிஞ்சுது, கத்தரிக்கா வாங்குன காசு வரைக்கும் எழுதியிருக்கீங்க. அதனால என் வேலை ஈஸி.

முதல்ல வியூஸ். உங்க 12 ரீல்ல பதினொன்னு 3,500ல இருந்து 8,200க்குள்ள தான் இருக்கு, அந்த ஒரு மட்டன் சுக்கா ரீல் மட்டும் 1,42,000 ஓடியிருக்கு. மொத்தத்தையும் கூட்டி பன்னண்டால வகுத்தா 16,842 வரும். இதைத்தான் எல்லாரும் தங்க பேஜைப் பத்தி கம்பெனிக்கு அனுப்புற மீடியா கிட்ல "ஆவரேஜ் வியூஸ்"னு போடுறாங்க, கணக்குல தப்பும் இல்ல, ஆனா அந்த நம்பரை நம்பி காசு குடுக்குற கம்பெனிக்கு வழக்கம் போல அஞ்சாயிரத்து சொச்சம் தான் வரும், அப்ப நீங்க ஏமாத்திட்டதா நினைப்பாங்க, அடுத்த வேலை வராது. அதனால பன்னண்டையும் சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்தி நடுவுல இருக்குற ரெண்டை எடுங்க: 5,400, 5,600. நடு மதிப்பு 5,500. இது தான் உங்க நம்பர். மட்டன் சுக்காவை மறைக்க வேணாம், "சிறந்த ரீல் 1.42 லட்சம்"னு தனி வரியா கீழ போட்டுக்கோங்க. ஃபாலோயர் கணக்கைப் பாருங்க, 18,400 பேர் இருந்தும் வழக்கமா ஒரு ரீல் 5,500 வியூ தான் போகுது, அதுலயும் உங்களை ஃபாலோ பண்ணாதவங்க நிறைய பேர் இருப்பாங்க, அப்புறம் ஃபாலோயரை வச்சு ரேட் போட்டா என்ன அர்த்தம்?

இப்ப ரேட். அதுக்கு உங்க செலவுல இருந்து தான் ஆரம்பிக்கணும். ஒரு ரீலுக்கு பேசுறது, கடைக்குப் போறது, ஒரு தடவை ட்ரையல் சமைக்கிறது, ஷூட், எடிட், அவங்க சொல்ற திருத்தம் எல்லாம் சேத்து 12 மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. கடையில மாசம் 100 மணி நேரத்துக்கு 12,000, அதாவது மணிக்கு 120 ரூபா. ஆனா இங்க அதே 120ஐ போட்டா அடி வாங்குவீங்க, ஏன்னா இந்த தொழில்ல காசு வர்ற ஒவ்வொரு மணிக்கும் காசு வராத ஒரு மணி கூடவே வரும். மெயில் அனுப்புறது, பதில் வராம காத்திருக்கிறது, பேமெண்ட்டுக்கு போன் மேல போன் போடுறது, இதுக்கெல்லாம் யாரும் சம்பளம் தரமாட்டாங்க. அதனால 240ன்னு வைங்க, 12 மணிக்கு 2,880. பொருள் வாங்குன செலவு 450, கேஸ், கரண்ட், ஆட்டோ 150. போன், மைக், லைட், ட்ரைபாட் எல்லாம் சேத்து 30,000 போட்டிருக்கீங்க, மூணு வருஷம் உழைக்கும்னு வச்சு மாசம் எட்டு ரீலுக்கு பிரிச்சா ரீலுக்கு சுமார் 100. ஆக 3,580. இதுக்கு மேல கால்வாசி சேருங்க, லேட் பேமெண்ட்டுக்கும் கொஞ்சம் லாபத்துக்கும், 4,475 வருது, 4,500ன்னு வச்சுக்கலாம். ஃப்ரெண்டு சொன்ன 1,840க்கு ஒத்துக்கிட்டிருந்தா உங்க உழைப்புக்கு மணிக்கு நூறு ரூபா கூட மிஞ்சியிருக்காது.

இங்க ஒரு கசப்பான விஷயம் சொல்லியே ஆகணும். 5,500 வியூக்கு 4,500 ரூபான்னா ஆயிரம் வியூக்கு 800 ரூபாய்க்கு மேல போகுது. விளம்பரம் பாக்குற ஆளு இந்த கணக்கைத்தான் முதல்ல போடுவாரு, இவ்ளோ காசுக்கு நான் நேரா இன்ஸ்டாகிராம்லயே விளம்பரம் ஓட்டிக்கிறேனேன்னு தோணும், தோணுறதுல தப்பும் இல்ல. அதனால இந்த சைஸ்ல நீங்க விக்கிறது கூட்டத்தை இல்லங்க, வீடியோவை. ஒரு சின்ன மசாலா கம்பெனி கேமராமேன், சமையல் ஆளு, எடிட்டர்னு தனித்தனியா பிடிச்சு ஒரு நல்ல வீடியோ எடுக்கணும்னா அவங்களுக்கு இதைவிட அதிகமா ஆகும், நீங்க அத்தனையும் ஒரே ஆளா உங்க அடுப்படில செஞ்சு தர்றீங்க. அதனால ரேட் கார்டுல ரெண்டு வரி வைங்க. ஒண்ணு, வீடியோ எடுத்து எடிட் பண்ணி கையில குடுக்குறது மட்டும், உங்க பேஜ்ல போடாம, 4,500. ரெண்டாவது, அதே வீடியோ உங்க பேஜ்லயும் வரும்னா 6,000. அந்த 1,500 தான் உங்க பார்வையாளர்களுக்கான விலை, வியூஸ் ஏற ஏற அது மட்டும் ஏறும். பல பேருக்கு இந்த பிரிப்பு தெரியாம ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க.

அடுத்தது தான் நிறைய பேர் காசு விடுற இடம். என்கிட்ட கணக்கு பாக்க வர்ற ஒரு பையன் ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு ரீல் பண்ணிக் குடுத்தான், எட்டு மாசம் கழிச்சும் அவன் மூஞ்சி அவங்க விளம்பரத்துல ஓடிட்டே இருந்துச்சு. கேட்டா "வீடியோவுக்கு காசு குடுத்தாச்சே"ன்னு பதில். எழுத்துல ஒண்ணும் இல்ல, அவனால ஒண்ணும் பண்ண முடியல. அதனால ரேட் கார்டுலயே எழுதிடுங்க: 4,500ன்றது கம்பெனி தன்னோட பேஜ்ல சும்மா போட்டுக்கிறதுக்கு, காசு கட்டி விளம்பரமா ஓட்டணும்னா 30 நாளைக்கு 1,800 தனி, அதுக்கு மேல ஓட்டணும்னா மறுபடி 1,800. இந்த நம்பருக்கு சட்டம் எதுவும் இல்ல, பேஜ்ல போடுற 6,000 ரேட்ல 30 சதவீதம்னு நான் போட்டது, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது ஓகேன்றது என் கருத்து.

அதே மாதிரி "மூணு மாசம் வேற மசாலா கம்பெனிக்கு பண்ணக்கூடாது"ம்பாங்க. சமையல் பேஜுக்கு மசாலா தான் முக்கிய வருமானமே, அதைப் போய் சும்மா அடகு வைக்கக்கூடாது. அந்த மூணு மாசத்துல இன்னொரு மசாலா ஆஃபர் வர பாதி வாய்ப்பு இருக்குன்னு நினைச்சீங்கன்னா இழப்பு 6,000ல பாதி, 3,000. அதைக் கேளுங்க. தர முடியாதுன்னா பதினஞ்சு நாள் மட்டும் ஃப்ரீன்னு சொல்லுங்க. திருத்தம் ஒரு தடவை சேர்த்தி, முழுசா மறுபடி சமைச்சு ஷூட் பண்ணணும்னா 1,500.

பேரம் பேசுவாங்க, பேசாத மசாலா கம்பெனி எது. 6,000ஐ 4,000 ஆக்குங்கன்னா ரேட்டைத் தொடாம வேலையைக் குறைங்க, ரீலுக்கு பதிலா மூணு ஸ்டோரி, இல்ல ட்ரையல் சமையல் தேவைப்படாத சிம்பிள் ரெசிபின்னு மாத்திக் குடுங்க. ஒரு தடவை சும்மா குறைச்சா அடுத்த தடவை அது தான் உங்க ரேட்.

மீடியா கிட் ரெண்டு பக்கம் போதும். பிடிஎஃப், போன்ல பெருசாக்காம படிக்க முடியணும். முதல் பக்கத்துல நீங்க யாரு, என்ன சமையல், நடு மதிப்பு வியூஸ், அப்புறம் உங்க ஆடியன்ஸ் எங்க இருக்காங்கன்றது. இன்ஸ்டாகிராம் காட்டுற இன்சைட்ஸ் ஸ்க்ரீன்ஷாட்டை தேதி தெரியுற மாதிரி வைங்க. நீங்க அனுப்புனதுல 71% பெண்கள், மதுரையும் சென்னையும் தான் மேல இருக்கு, தென் மாவட்டத்துல கடை கடையா சரக்கு போடுற கம்பெனிக்கு இது 1.42 லட்சத்தை விட முக்கியம், ஏன்னா அந்த மட்டன் சுக்காவைப் பாத்தவங்கள்ல எத்தனை பேர் அவங்க சரக்கு கிடைக்கிற ஊர்ல இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும். ரெண்டாவது பக்கத்துல ரெண்டு மூணு ரீல் லிங்க். இதுவரை பெய்டு வேலை எதுவும் பண்ணலன்றதால, நீங்களே காசு குடுத்து வாங்குன ஒரு பெருங்காயத்தையோ நல்லெண்ணெயையோ வச்சு விளம்பரம் மாதிரி ஒரு ரீல் எடுத்து "மாதிரி"ன்னு போட்டு வைங்க. பண்ணாத கம்பெனி பேரை பண்ணதா போடாதீங்க, ஒரு போன்ல தெரிஞ்சுடும். பான் நம்பர், பேங்க் அக்கவுண்ட், வீட்டு அட்ரஸ் எதுவும் மீடியா கிட்ல வேணாம், அது கை மாறி எங்கெங்கயோ போகும், டீல் முடிஞ்சப்புறம் இன்வாய்ஸ்ல குடுத்தா போதும்.

ரேட் கார்டை தனி தாளா வைங்க, "இந்த தேதி வரை செல்லும்"னு மூணு மாசம் போடுங்க. அடியில பேமெண்ட் விதி: பாதி அட்வான்ஸ், மீதி வீடியோ குடுத்த பதினஞ்சு நாள்ல. சின்ன தொழிலுக்கான அரசாங்கப் பதிவான உத்யம் பண்ணிக்கோங்க, ஆன்லைன்ல இலவசம், ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குற ஏஜென்ட் வேணாம். சின்ன தொழிலா பதிவாகியிருந்தா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க சட்டத்துல இடமில்ல, அதை இன்வாய்ஸ்ல ஒரு வரி எழுதுனாலே அக்கவுண்ட்ஸ் ஆளு கொஞ்சம் வேகமா நகருவாரு, உங்களுக்குத் தெரியாததா.

டேக்ஸ் இப்பத்திக்கு பெரிய தலைவலி இல்ல. சர்வீஸ் வருமானம் வருஷம் 20 லட்சம் தாண்டுற வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல, அதனால ரேட்டுக்கு மேல ஜிஎஸ்டி போடாதீங்க, போடவும் கூடாது. கம்பெனி காசு தரும்போதே வரியா டிடிஎஸ் பிடிச்சா பதறாதீங்க, ரிட்டர்ன் போடும்போது அது உங்க கணக்குல தான் இருக்கும். பான் குடுக்கலன்னா மட்டும் 20% போயிடும். ஓசில வர்ற பொருளும் வருமானம் தான், ஒரே கம்பெனி வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பொருளா குடுத்தா அதுக்கும் 10% டிடிஎஸ் உண்டு.

இன்னொண்ணு, "பெய்டு பார்ட்னர்ஷிப்"னு லேபிள் போடாதீங்க, வியூஸ் குறையும்னு சில பேர் கேப்பாங்க. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரிலயே தெளிவா சொல்லிடுச்சு, காசு வாங்குனாலும் சரி, பொருள் மட்டும் வாங்குனாலும் சரி, விளம்பரம்னு தெரியுற மாதிரி சொல்லியாகணும். ரேட் கார்டுலயே "லேபிள் கட்டாயம் இருக்கும்"னு போட்டுட்டா அந்த பேச்சே வராது.

கடைசியா அந்த ஆறு பாக்கெட். பாக்கெட் 90 ரூபான்னு வச்சா 540 ரூபா, உங்க பொருள், கேஸ், கரண்ட், ஆட்டோ மட்டுமே 600 ஆகுது. "பாக்கெட்டை ட்ரையலுக்கு அனுப்புங்க, பிடிச்சிருந்தா ரேட் கார்டு படி பண்றேன், போடுவேன்னு இப்பவே வாக்கு தர முடியாது"ன்னு மரியாதையா ஒரு பதில் போடுங்க. மசாலா நல்லாயில்லன்னா இந்த டீலை விட்டுடுங்க.