சீரகத் தண்ணீர் எதைக் குறைத்தது?

கேள்வி: எனக்கு வயது 44. நாற்பது நாளாகக் காலையில் காபியையும் நான்கு மேரி பிஸ்கட்டையும் விட்டுவிட்டு, இரவில் ஊறவைத்த சீரகத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறேன். முதல் மாதம் ஒரு கிலோ குறைந்தது. பிறகு தராசு முள் நகரவே இல்லை. அதனால் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் தேன் சேர்த்தேன். மதியம் சோற்றைப் பாதியாக்கி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுகிறேன். சாயங்காலமானால் வயிறு பானைபோல் உப்புகிறது, முன்பைவிட அதிகமாகவே. சீரகத்தோடு ஓமமும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் இரண்டும் சரியாகுமா? (திருச்சி வாசகி)

பதில்: அந்த ஒரு கிலோ குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கான பாராட்டு சீரகத்துக்கு அல்ல, பிஸ்கட் டப்பாவுக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த காபி ஏறக்குறைய 100 கலோரி. நான்கு மேரி பிஸ்கட் இன்னொரு 100. நாளுக்கு 200 என்றால் முதல் மாதத்தில் 6,000 கலோரி மிச்சமாகியிருக்கிறது. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும்; ஆக, குறைந்ததில் முக்கால் கிலோவுக்கு இந்தக் கணக்கே போதும். வெறும் வெந்நீர் குடித்திருந்தாலும் தராசு ஏறக்குறைய இதையேதான் காட்டியிருக்கும்.

முள் நின்றதற்கும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் சில வாரம் குறைந்த பிறகு எடை கொஞ்சம் நிற்பது இயல்பு. அந்த நேரத்தில் நீங்கள் சேர்த்த இரண்டு ஸ்பூன் தேன் 40 கலோரிக்கு மேல். தேங்காய்த் துருவலும் தாளிப்பும் சேர்ந்த ஒரு கிண்ணம் சுண்டல் 200ஐத் தாண்டும். குறைத்த சோறு அநேகமாக அவ்வளவு இருந்திருக்காது. தேனை உடனே நிறுத்திவிடுங்கள். கொழுப்பைக் கரைக்கும் வேலை எதையும் அது செய்வதில்லை.

"ஆராய்ச்சியே நடந்திருக்கிறதாமே" என்று பலர் கேட்கிறார்கள். நடந்திருக்கிறது. 2014இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில் அதிக எடையுள்ள 88 பெண்கள் மூன்று மாதம் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் தினமும் 3 கிராம் சீரகப் பொடியைத் தயிரில் கலந்து சாப்பிட்டார்கள்; மற்றவர்களுக்கு வெறும் தயிர். இரு பிரிவினருக்கும் உணவைக் குறைக்கும் ஆலோசனை தரப்பட்டது. இரு பிரிவினருக்குமே எடை குறைந்தது. சீரகம் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது ஒன்றரைக் கிலோவுக்குள்தான். அதை வைத்துக்கொண்டு "பத்து நாளில் ஐந்து கிலோ" என்று காணொளி போடுகிறவர்களை என்ன சொல்வது!

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் சாப்பிட்டது பொடி. நீங்கள் குடிப்பது வடிகட்டிய தண்ணீர். சீரகத்தின் மணமும் குணமும் பெரும்பாலும் அதன் எண்ணெயில் இருக்கின்றன; எண்ணெய் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. இரவெல்லாம் ஊறினாலும் கொஞ்சம் நிறமும் மணமும் இறங்குமே தவிர, சரக்கில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கி, காலையில் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. பொடியை வைத்துச் செய்த ஆய்வைத் தண்ணீருக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. ஓமத்துக்கு இந்த அளவு சான்றுகூட இல்லை. அது எடையைக் குறைக்கும் என்பதை இப்போதைக்கு வாய்வழிச் செய்தி என்றே வைத்துக்கொள்ளலாம்.

வயிற்று உப்புசத்தில் நிலைமை வேறு. அங்கே பாட்டி வைத்தியத்தில் சாரம் இருக்கிறது. ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற அந்தக் காரமான வாசனை தைமால் என்ற பொருளுடையது. குடலின் தசை இறுக்கத்தை அது தளர்த்துவதை விலங்குகளின் குடலை வைத்துச் செய்த சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தசை தளர்ந்தால் ஓரிடத்தில் அடைபட்ட வாயு நகரும், ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறும். சீரகமும் ஓரளவு இதே வழியில் உதவலாம். ஆனால் இரண்டும் ஏற்கெனவே சேர்ந்த வாயுவை நகர்த்த உதவுகின்றனவே ஒழிய, வாயு உண்டாவதைத் தடுப்பதில்லை. உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கொண்டைக்கடலையில் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் உண்டு. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர நான்கைந்து மணி நேரம் ஆகலாம். அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட சுண்டல் மாலை ஆறு மணிக்கு வயிற்றை ஊதவைக்கிறது. காலை ஆறு மணிக்குக் குடித்த சீரகத் தண்ணீர் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்து அதைச் சமாளிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே ஒரு வாரம் சுண்டலை அடியோடு நிறுத்திப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குப் புடவைக் கொசுவம் எவ்வளவு இறுக்குகிறது என்பதை தினமும் ஒரு வரி எழுதிவையுங்கள். குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு கடலையைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, இரண்டு மேசைக்கரண்டியிலிருந்து தொடங்குங்கள். சுண்டலை நிறுத்தியும் உப்புசம் குறையவில்லை என்றால், அடுத்த வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். குழந்தைப் பருவம் தாண்டியபின் பாலின் சர்க்கரை சரியாகச் செரிக்காதவர்கள் நம்மிடையே ஏராளம். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தாதீர்கள். எது காரணம் என்று பிடிபடாது. மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். அதுவே வயிற்றை உப்பவைக்கும்.

ஓமம் வேண்டுமானால் உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஸ்பூன் ஓமத்தை லேசாக நசுக்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும். ஆனால் மணமாகப் பறந்துபோவதுதான் உங்களுக்கு வேண்டிய எண்ணெய். வடிகட்டாமல் விதையையும் மென்றுவிடுங்கள். சாப்பிட்டபின் ஒரு சிட்டிகை ஓமமும் இரண்டு உப்புக்கல்லும் வாயில் போட்டு மெல்லுகிற பழைய வழக்கத்தை, இன்றைய பாட்டில் தண்ணீரைவிட நான் மதிக்கிறேன். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஓமம் தொல்லையைக் கூட்டலாம், எரிந்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் சீரகத் தண்ணீரை நம்பிக் காலை உணவைத் தவிர்க்கக்கூடாது. சில மாத்திரைகளோடு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கர்ப்பிணிகள் இவற்றைச் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

'சீர் அகம்' என்று பிரித்து, அகத்தைச் சீராக்குவதால் சீரகம் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது 'ஜீரக' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்.

உங்கள் வயதில் நான் அலட்சியம் செய்ய விடாத ஒன்று உண்டு. சுண்டலையும் பாலையும் நிறுத்திய பிறகும் மூன்று வாரமாக ஏறக்குறைய தினமும் வயிறு உப்பினாலோ, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டாலோ, அடிக்கடி சிறுநீர் முட்டினாலோ, அடிவயிற்றில் வலி இருந்தாலோ மகளிர் மருத்துவரிடம் சென்று சினைப்பையை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி 'வாயுத் தொல்லை' வேடத்தில்தான் வருகிறது. மலத்தில் ரத்தம் கண்டாலோ, முயலாமலேயே எடை குறைந்தாலோ மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம்; அந்த வாரமே போங்கள்.